"அடடா, ரொம்ப ஆசையா இருந்தேனேடா!": கேன்சல் ஆன பிளானுக்கு மீம் போடுவது எப்படி

சனிக்கிழமை மாலை 6:05. குளித்து, தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கிளம்பத் தயாராகிவிட்டேன். கல்லூரி நண்பர்கள் ஐந்து பேர், தி.நகரில் 7:30க்குச் சாப்பாடு. செவ்வாய்க்கிழமையே குரூப்பில் பேசி முடித்த விஷயம். செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. "மச்சி, ஆபிஸ்ல மாட்டிக்கிட்டேன்டா. அடுத்த வாரம் வெச்சுக்கலாமா? சாரிடா."

நான் போட்ட பதில்: "அடடா, ரொம்ப ஆசையா இருந்தேனேடா. பரவால்ல விடு, அடுத்த வாரம் பாத்துக்கலாம்." கூடவே அழுகிற முகம் மூன்று. மூன்று போட்டால் நடிப்பென்று தெரிந்துவிடுமோ என்று யோசித்து ஒன்றை அழித்தேன். அப்படி நின்று யோசித்தபோது இடுப்பில் பேன்ட் இல்லை, லுங்கி இருந்தது. எப்போது மாற்றினேன் என்று எனக்கே நினைவில்லை.

அம்மா எட்டிப் பார்த்து, "என்னடா, போகலையா?" என்றார்.

"கேன்சல்மா."

"அய்யோ பாவம்" என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாவமா ஒண்ணும் தெரியலையே. சரி, ரசம் இருக்கு" என்று போய்விட்டார்.

இன்ட்ரோவெர்ட் மீம்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு நிமிடத்தைப் பற்றியவைதான் என்று எனக்குத் தோன்றும். ஆனால் இதை வைத்து மீம் போடுகிறவர்களில் பலர், மகிழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு குற்ற உணர்ச்சியை விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் பார்த்ததும் சிரிப்பு வராமல், "அப்படியா, சரி" என்று கடந்துபோகிறோம். மேலே சொன்ன என் சனிக்கிழமையையே எடுத்துக்கொண்டு, அதை ஒரு நல்ல மீமாக மாற்றுவது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: எந்த நிம்மதி என்று பிரித்துப் பாருங்கள்

டெம்ப்ளேட்டைத் தேடுவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை இது. பிளான் கேன்சல் ஆனதும் வருகிற நிம்மதி எல்லாம் ஒரே ரகம் இல்லை.

முதல் ரகம் உடம்புக்கு வருவது. டிரெய்ன், வியர்வை, திரும்பி வர இரவு 11 ஆகும் என்ற கணக்கு, இவை எல்லாம் ஒரே நொடியில் இல்லாமல் போகிற சுகம். இது இன்ட்ரோவெர்ட்டுக்கு மட்டும் உரியதல்ல. நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பவனுக்கும் இது உண்டு.

இரண்டாவது, தனிமை திரும்பக் கிடைத்த சந்தோஷம். நண்பர்களைப் பிடிக்கும், ஆனால் ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசும் மேசையில் மூன்று மணி நேரம் இருந்துவிட்டு வந்தால் மறுநாள் காலிப் பாத்திரம் மாதிரி இருக்கும். அந்த மூன்று மணி நேரம் இப்போது கையில் இருக்கிறது. இன்ட்ரோவெர்ட் மீம் என்றால் சரியாகச் சொல்வது இதைத்தான். உளவியலாளர் கார்ல் யுங் 1921ல் இந்த வகைப்பாட்டை எழுதியபோது, வெட்கப்படுகிறவர், படாதவர் என்று பிரிக்கவில்லை. மனத்தின் கவனமும் சக்தியும் உள்நோக்கிப் போகிறதா வெளிநோக்கிப் போகிறதா என்பதுதான் அவருடைய கேள்வி. தமிழில் 'உள்முக சிந்தனையாளர்' என்று எழுதுகிறார்கள். கேட்டால் ஏதோ தத்துவப் பேராசிரியர் மாதிரி இருக்கிறது, லுங்கி கட்டிய ஆளுக்குப் பொருந்தவில்லை. அதனால் இன்ட்ரோவெர்ட் என்றே எழுதுகிறேன்.

மூன்றாவது பயம் நீங்கிய நிம்மதி. 'என்ன பேசுவது, எல்லாரும் என்னையே பார்ப்பார்களோ' என்று புதன்கிழமையிலிருந்தே வயிற்றைக் கலக்கி, கேன்சல் ஆனதும் மூச்சு விடுவது. இது சமூகப் பதற்றம், இன்ட்ரோவெர்ட் குணம் வேறு. ஒன்றிருந்தால் இன்னொன்று இருந்தே ஆகவேண்டும் என்றில்லை. இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு: கேன்சல் ஆன பிறகு அந்த மாலையை என்ன செய்தீர்கள் என்று பாருங்கள். தனிமைக்காக ஏங்கியவர் அதை அனுபவித்திருப்பார். பயந்தவருக்கு அரைமணி நேரம்தான் நிம்மதி. அப்புறம், 'நான் வராததே நல்லது என்று அவர்கள் பேசிக்கொண்டிருப்பார்களோ' என்று அடுத்த கவலை வந்துவிடும்.

என் சனிக்கிழமை, பாதி முதல் ரகம், பாதி இரண்டாவது. ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு, பாதியில் விட்டிருந்த நாவலை மொட்டைமாடியில் உட்கார்ந்து 80 பக்கம் படித்தேன். அதனால் இதை மீமாக்கலாம். மூன்றாவது ரகம் என்றால், அதையும் மீமாக்கலாம்தான், ஆனால் அது வேறு மீம், அதன் கடைசி வரி வேறு மாதிரி வரும்.

படி 2: குற்ற உணர்ச்சி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள்

பிடிக்காத இடத்துக்கு யாரோ வற்புறுத்தி அழைத்து, அது கேன்சல் ஆனால் குற்ற உணர்ச்சி வராது. வெறும் சந்தோஷம்தான். இங்கே உறுத்துவதற்குக் காரணம், செவ்வாய்க்கிழமை "நான் ரெடி" என்று முதலில் சொன்னதே நான்தான் என்பது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அன்றைக்கு அது பொய்யும் இல்லை.

செவ்வாய்க்கிழமை ஆளும் சனிக்கிழமை ஆளும் ஒரே ஆளாக இல்லாமல் போவதைக் கால் ஸௌபர்மன், ஜான் லிஞ்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005ல் விளக்கினார்கள். இன்றைக்கு நேரமில்லை என்று நமக்குத் தெரியும், ஆனால் வரும் நாட்களில் நிறைய நேரம் இருக்கும் என்று நம்புகிறோம். பணத்தைவிட நேரத்தின் விஷயத்தில்தான் இந்த நம்பிக்கை அதிகமாக இருக்கிறது. அதனால் தொலைவில் இருக்கும் நாளுக்குத் தயங்காமல் சரி என்கிறோம். அந்த நாள் வந்து நிற்கும்போதுதான் அது மற்ற நாட்களைப் போலவே நெருக்கடியாக இருப்பது தெரிகிறது. செவ்வாய்க்கிழமை நான் பார்த்த சனிக்கிழமையில் டிரெய்ன் கூட்டமே இல்லை.

ஆக, நிம்மதி சனிக்கிழமை ஆளுடையது, குற்ற உணர்ச்சி செவ்வாய்க்கிழமை ஆளுக்குச் செய்த துரோகம். இந்த இரண்டு பேரும் ஒரே படத்தில் தெரிந்தால்தான் மீம் வேலை செய்யும். "ஜாலி, பிளான் கேன்சல்" என்று மட்டும் எழுதினால் ஓர் ஆள்தான் தெரிகிறார்.

இன்னொரு கணக்கும் உண்டு: கேன்சல் செய்தது யார்? அவன் செய்தால், நான் எதுவும் செய்யாமலேயே விடுதலை கிடைக்கிறது. என் குற்றம் நடிப்பில் மட்டும் இருக்கிறது, அதாவது அந்த இரண்டு அழுகிற முகங்களில். நானே கேன்சல் செய்தால் குற்றம் செயலில் இருக்கிறது, பெரும்பாலும் ஒரு சின்னப் பொய்யும் கூட வரும். எந்த டெம்ப்ளேட் என்பதை இந்தக் கேள்விதான் முடிவு செய்கிறது.

படி 3: டெம்ப்ளேட்

நீங்கள் கேன்சல் செய்கிறவர் என்றால், உங்களுக்குள்ளேயே இரண்டு குரல் வேண்டும். இதற்கென்றே பிறந்தது போல ஒரு டெம்ப்ளேட் 2016 நவம்பரில் பரவியது: கெர்மிட் என்ற பச்சைத் தவளைப் பொம்மையும், எதிரே கறுப்பு முக்காடு போட்ட இன்னொரு தவளையும். மப்பெட் படம் ஒன்றில் வருகிற காட்சி அது. படத்தில் முக்காடு போட்டவன் கெர்மிட்டைப் போலவே இருக்கிற ஒரு திருடன், ஆனால் மீம் உலகம் இருவரையும் ஒரே ஆளாக்கிவிட்டது. "வரேன்னு வாக்கு குடுத்திருக்கோம்" என்று வெறும் தலைத் தவளை சொல்ல, "தலைவலின்னு சொல்லிடு" என்று முக்காடு பதில் சொல்லும். குற்ற உணர்ச்சி இங்கே தனியாக எழுதவேண்டியதில்லை, முக்காடே போதும்.

அதற்கும் முன்னால் 2009 வாக்கில் வந்த, நீலப் பின்னணியில் நடக்கும் பென்குவினும் இந்தக் குடும்பம்தான். மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி. ஆனால் அது கூச்சத்துக்கான பென்குவின், எல்லாரிடமும் அசடு வழிகிற ஆள். கேன்சல் நிம்மதிக்கு அதைப் போட்டால் ஒட்டாது. பென்குவினுக்குச் சந்தோஷப்படத் தெரியாது.

என் கதையில் கேன்சல் செய்தது நண்பன். அதனால் உள்குரல் விவாதம் தேவையில்லை, வெளியே காட்டிய முகமும் உள்ளே இருந்த முகமும் தேவை. இரண்டு கட்டம், ஒரே ஆள், இரண்டு முகம். தமிழ் மீம்காரர்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. வடிவேலுவின் ஸ்டில்களைத் தேடினால், உலகமே இடிந்துபோன முகமும் கிடைக்கும், குத்தாட்டம் போடும் முகமும் கிடைக்கும். இரண்டும் ஒரே வேடத்தில், ஒரே உடையில் இருந்தால் இன்னும் நல்லது. வேறு வேறு உடையென்றால் பார்ப்பவர் அரை நொடி 'இது எந்தப் படம்' என்று யோசிப்பார். மீமில் அந்த அரை நொடியே அதிகம்.

படி 4: வரிகள்

அதிக நேரம் எடுத்தது இங்கேதான். என் முதல் முயற்சி இது:

மேலே: "பிளான் கேன்சல்னு சொன்னதும்"
கீழே: "நான்"

நடனமாடும் வடிவேலு. இதை ஆயிரம் பேர் போட்டிருப்பார்கள். யாருடைய பிளான், என்ன பிளான் என்று ஒன்றும் இல்லை. பரீட்சை தள்ளிப்போனாலும் இதே படம், லீவு விட்டாலும் இதே படம்.

இரண்டாவது முயற்சியில் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன்:

மேலே: "ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் கேங்கோட மீட்டிங்னு சட்டை எல்லாம் இஸ்திரி போட்டு கிளம்பும்போது மச்சி கேன்சல்னு மெசேஜ் வந்ததும் குரூப்ல நான்"
கீழே: "வீட்டுல நான்"

விவரம் வந்துவிட்டது, ஆனால் படிப்பதற்கே ஐந்து நொடி. அதைவிடப் பெரிய தப்பு, சிரிப்புக்கான பொருள் எதுவும் கீழ் வரியில் இல்லை. 'வீட்டில் நான்' என்பதை எழுதாமலே படம் சொல்லிவிடும். கீழ்வரியில், படம் சொல்லாத ஒன்று இருக்கவேண்டும்.

எனக்கு நிஜமாக நடந்தது என்ன? நான் வருந்திப் பதில் எழுதியதற்கு முன்பே லுங்கி மாறியிருந்தது. குற்றம் அந்த வரிசையில் இருக்கிறது. நாக்கு சொன்னதை உடம்பு ஏற்கெனவே மறுத்துவிட்டது. அதை எண்ணாக மாற்றினேன்:

மேலே: "அடடா, ரொம்ப ஆசையா இருந்தேனேடா!"
கீழே: "மெசேஜ் வந்து 40 செகண்ட். லுங்கி மாத்தி 38 செகண்ட்."

இது போதும் என்று தோன்றியது. மேல்வரி குரூப்பில் போட்ட அதே சொல்தான், மாற்றவில்லை. 'நான்', 'குரூப்ல' என்ற விளக்கமெல்லாம் போய்விட்டது, ஏனென்றால் அந்த வரியைப் படிக்கும் யாருக்கும் அது வாட்ஸப் பதில் என்று தெரியும். 'பிளான்', 'கேன்சல்' இரண்டு சொல்லுமே மீமில் இல்லை என்பதைக் கவனியுங்கள். கீழ்வரியில் குறை சொல்வதோ பெருமை அடிப்பதோ இல்லை, ஒரு வாக்குமூலம் இருக்கிறது.

"மனுஷங்களே பிடிக்காது" என்று முடிகிற மீம்களை நான் ஏன் போடுவதில்லை என்பதற்கும் இதுவே காரணம். அதில் உறுத்தல் இல்லை. நண்பர்களைப் பிடிக்காதவனுக்கு ஏது குற்ற உணர்ச்சி? அழுகிற முகம் இரண்டா மூன்றா என்று அவன் எதற்கு எண்ணப்போகிறான்?

பெண்கள் லுங்கி இருக்கும் இடத்தில் நைட்டி என்று போட்டுக்கொள்ளலாம், என் தங்கை அப்படித்தான் செய்தாள். காஜல் கலைக்கிற வேலையும் உண்டு என்பதால் அவள் கணக்கில் 3 நிமிடம்.

படி 5: எழுத்துரு, அளவு

சுருக்கமாகச் சொல்கிறேன். ஆங்கில மீமுக்குப் போடும் Impact எழுத்துருவில் தமிழ் கிடையாது. அதைத் தேர்ந்தெடுத்துத் தமிழில் தட்டினால், செயலி கையில் கிடைத்த வேறு ஏதோ எழுத்தை வைத்து ஒப்பேற்றிவிடும். கூகுள் எழுத்துருக்களில் Baloo Thambi 2 தடிமனாக, கொஞ்சம் விளையாட்டாக இருக்கும், மீமுக்கு அதுதான் என் தேர்வு. அடக்கமாக வேண்டுமென்றால் Mukta Malar. வெள்ளை எழுத்து, சுற்றிலும் கறுப்புக் கோடு.

சில பழைய செயலிகளில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் தொங்கும், 'கொ' உடைந்து மூன்று துண்டாகும். 'ரொம்ப' என்ற சொல்லைத் தட்டிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். பழைய போட்டோஷாப்பில் அப்படி ஆனால், செட்டிங்ஸில் எழுத்துப் பகுதியில் World-Ready Layout என்பதைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

1080 x 1080 சதுரம் எல்லா இடத்துக்கும் பொருந்தும். ஒரு வரியில் நான்கு சொல்லுக்கு மேல் வேண்டாம். நம் சொற்கள் நீளமானவை, போனில் பார்க்கும்போது எழுத்து எறும்பாகிவிடும். வாட்ஸப் படத்தை அமுக்கி அனுப்பும் என்பதால், தெளிவு வேண்டுமென்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

படி 6: யாருக்கு, எப்போது

இதில்தான் நான் ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். முன்பொரு தடவை, உறவினர் வீட்டு விழா ஒன்று தள்ளிப்போனதும் சுடச்சுட ஒரு மீமை ஸ்டேட்டஸில் வைத்தேன். அவர்கள் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்பதால் தள்ளிப்போனது என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்த அத்தை ஸ்டேட்டஸ் பார்த்திருந்தார் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. 24 மணி நேரத்தில் அது தானாக மறைந்துவிடும் என்பது உண்மை. அத்தை மறக்கவில்லை என்பதும் உண்மை.

அதிலிருந்து எனக்கு இரண்டு கட்டுப்பாடு. கேன்சலுக்குக் காரணம் என்னவென்று தெரியும்வரை மீம் கிடையாது. நோய், சாவு, பணமுடை என்றால் எப்போதுமே கிடையாது. இரண்டாவது, கேன்சல் செய்தவர் பார்த்தால் சிரிப்பாரா என்று யோசிப்பேன். சிரிப்பார் என்றால் முதலில் அவருக்கே தனியாக அனுப்புவேன். சிரிக்கமாட்டார் என்றால் ஸ்டேட்டஸ் அமைப்பில் குறிப்பிட்ட சிலரை மட்டும் விலக்கும் வசதி இருக்கிறது, ஆனால் அதை நம்பாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து உரியவருக்கு அனுப்ப ஒரு சித்தப்பா எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்.

நாமே கேன்சல் செய்திருந்தால் பயம் இன்னும் அதிகம்: அவன் கோபித்துக்கொள்வானோ, இனிமேல் கூப்பிடமாட்டானோ? ஜூலியன் கிவி, காலீன் கர்க் இருவரும் அழைப்பை மறுப்பது பற்றிச் செய்த சோதனைகளில், மறுக்கிறவர்கள் நினைக்கும் அளவுக்கு அழைத்தவர்கள் வருத்தப்படுவதில்லை என்று கண்டார்கள். முடியாது என்ற முடிவை மட்டும் பார்ப்பார்கள், அதற்கு முன் நாம் யோசித்ததைப் பார்க்கமாட்டார்கள் என்று நாம் பயப்படுகிறோம், ஆனால் அவர்கள் அதையும் எண்ணிப் பார்க்கிறார்கள். ஆனால் அது மறுப்பைப் பற்றியது. 'தலைவலி' என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரத்தில் கேன்சல் மீம் போடுகிறவனுக்கு அந்தச் சலுகை பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன்.

படி 7: மீம் பழக்கமாகும்போது

இதை எழுதாமல் விடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் தொடர்ந்து இந்த மீம்களைப் போட்டதில் நானே கவனித்த விஷயம். கேன்சல் ஆனதும் வரும் நிம்மதி உடனடியாக வருகிறது, பலமாகவும் வருகிறது. ஒரு தொல்லை நீங்கும்போது, அதை நீக்கிய செயல் அடுத்த முறை இன்னும் எளிதாகக் கைக்கு வரும். உளவியலில் ஸ்கின்னர் காலத்திலிருந்து தெரிந்த விஷயம் இது. போயிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதோ தெரியாமலே போய்விடுகிறது. அதற்கு மீம் இல்லை.

கனடாவில் ஜான் ஸெலென்ஸ்கியும் அவருடைய குழுவினரும் 2013ல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தைத்தான் தொடுகிறது. கலகலப்பாகப் பேசிப் பழகினால் எப்படி உணர்வீர்கள் என்று முன்கூட்டியே கேட்டபோது, இன்ட்ரோவெர்ட்கள் கிடைக்கப்போகும் மகிழ்ச்சியைக் குறைத்து மதிப்பிட்டார்கள், சங்கடத்தைக் கூட்டி மதிப்பிட்டார்கள். அந்தச் சில நிமிடச் சோதனையைத் தி.நகரின் மூன்று மணி நேரத்துக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். மறுநாள் காலிப் பாத்திரம் மாதிரி இருப்பதை யாரும் அதில் அளக்கவில்லை.

ஆனாலும் ஒரு சின்னக் கணக்கு வைத்திருக்கிறேன். போன் கேலரியில், போட்ட மீம்களுக்கு ஓர் ஆல்பம். அதற்குள், கேன்சல் ஆகாமல் போய்வந்த சந்திப்புகளில் எடுத்த படம் ஒன்றிரண்டையும் போட்டுவைப்பேன். தொடர்ந்து மூன்று மீம் வந்து நடுவில் ஒரு படமும் இல்லையென்றால், அடுத்த அழைப்புக்குச் செவ்வாய்க்கிழமை ஆள் சொன்னதைச் சனிக்கிழமை ஆள் கேட்கவேண்டும் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். அம்மா அந்த நாளில் ரசம் வைக்கமாட்டார்.

அந்த லுங்கி மீமை ஞாயிறு காலை, கேன்சல் செய்த நண்பனுக்குத் தனியாக அனுப்பினேன். பத்து நிமிடம் பதில் இல்லை. எனக்குக் கொஞ்சம் வயிறு கலங்கியது. பிறகு வந்தது: "38 செகண்டாடா? நான் மெசேஜ் அனுப்புறதுக்கு முன்னாடியே மாத்திட்டேன்." அவன் ஆபிஸில் இருந்தானா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமைதான் என்று முடிவாகியிருக்கிறது. இன்று புதன். குரூப்பில் இன்னும் யாரும் வாயைத் திறக்கவில்லை.